அப்பா அம்மா வருவதற்கு முன் ஆறு வாரம்

(துபாயில் தமிழ்க் குடும்பங்களின் மாலைக் கூட்டம் ஒன்றில், வீடுகளுக்குச் சென்று முதியோருக்கு இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெயில் தணிந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் ஊரிலிருந்து பெற்றோர்கள் இங்கே அதிகம் வருகிறார்கள். எனக்கு அழைப்புகள் கூடுவதும் அப்போதுதான். "அப்பா பாத்ரூமில் சறுக்கிவிட்டார்", "அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கட்டிலை விட்டு எழ முடியவில்லை" என்பார்கள். எப்போது வந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மகனோ மகளோ அக்கறை இல்லாதவர்கள் இல்லை. புது மெத்தை விரிப்பு வாங்கியிருப்பார்கள், டிவியில் தமிழ்ச் சேனல்கள் போட்டிருப்பார்கள், வீட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அவை எல்லாம் கடைசி இரண்டு நாளில் முடிகிற வேலைகள். முன்கூட்டியே தொடங்க வேண்டியவை வேறு, அவற்றை யாரும் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

அதனால் இன்று நான் சொல்லப்போகும் வார வரிசைக்கு ஒரே ஒரு விதிதான். அடுத்தவர் கையில் இருக்கிற காரியம் முதலில், அளந்து பார்த்துச் செய்ய வேண்டியது அதற்குப் பிறகு, கடையில் வாங்குவது அதற்கும் பிறகு. துடைத்துப் பெருக்குவது கடைசி.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அல் குசைஸில் கொஞ்சம் பழைய கட்டடம், நான்காம் மாடியில் ஒரு ஸ்டூடியோ. சுமார் 450 சதுர அடி. ஒரே அறை, அதன் ஓரத்திலேயே சமையல் மேடை, ஒரு பாத்ரூம், சின்ன பால்கனி. அங்கே இருப்பவர் கணக்குத் துறையில் வேலை பார்க்கும் இளைஞர், தனியாக இருக்கிறார். தென்காசிப் பக்கத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு மாதம் தங்க வருகிறார்கள். அப்பாவுக்கு வயது 72. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவார். அம்மாவுக்கு 66. பல வருடமாகச் சர்க்கரை, பாதங்களில் எரிச்சல். இந்த விவரங்களை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆயத்தம் என்பது வீட்டுக்குச் செய்வதல்ல, வருகிறவரின் முழங்காலுக்கும் பாதத்துக்கும் செய்வது.

ஆறாவது வாரம், அதாவது அவர்கள் விமானம் ஏறுவதற்கு ஆறு வாரம் முன்பு, வீட்டில் ஒரு பொருளைக்கூட நகர்த்த வேண்டாம். இரண்டு காரியங்களைத் தொடங்குங்கள். ஒன்று, வீட்டு ஓனருக்கு ஒரு மின்னஞ்சல். பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த டைலில் துளை போட வேண்டியிருக்கிறது, வீட்டைக் காலி செய்யும்போது சரிசெய்து தருகிறேன் என்று எழுதி அனுமதி கேளுங்கள். வாய்மொழி சம்மதம் போதாது. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்கும் நாளில் அந்தத் துளைக்கு எழுத்துதான் பதில் சொல்லும். ஓனர் வெளிநாட்டில் இருப்பார், நடுவில் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ் இருக்கும், பதில் வர இரண்டு வாரம் ஆகும். அதனால்தான் இது முதலில்.

இரண்டாவது, மருந்து. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அந்த அம்மாவின் கால் எரிச்சலுக்கு ஊர் டாக்டர் கொடுத்திருந்தது பிரீகாபாலின். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் பலரும் சாதாரணமாகச் சாப்பிடுகிற மாத்திரை. இந்த நாட்டில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வலிக்குக் கொடுக்கும் டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் எல்லாம் இதே வகைதான். இவற்றைக் கொண்டுவருவதற்கு முன் இந்த நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரும் அளவும் தெளிவாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் போனில் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "அதே சுகர் மாத்திரைதான்பா" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிராண்டு பெயர் முன்பக்கம் பெரிதாக இருக்கும், மூலப்பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

மருந்தோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கசகசா இந்த நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். பாக்கெட்டில் கொண்டுவரக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அம்மா ஆசையாக வறுத்து அரைத்துக் கட்டித் தருகிற குருமாப் பொடியில் அது கலந்திருக்கும் என்பது யாருக்கும் நினைவில் வராது. பெட்டி கட்டும் நாளில் சொன்னால் தாமதம், பொடி அரைத்து முடித்திருப்பார்கள். ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள்.

ஐந்தாவது வாரம் முழுக்க பாத்ரூமுக்கு. ஒரு ஸ்டூடியோவில் முதியவர் விழுகிற இடம் என்றால் பெரும்பாலும் இதுதான்.

இங்குள்ள பழைய கட்டடங்களில் பல ஸ்டூடியோக்களில் பாத்டப் இருக்கிறது. அதன் விளிம்பு ஏறக்குறைய முழங்கால் உயரம், சில இடங்களில் அதைவிட அதிகம். முழங்கால் மடங்காத ஒருவர் ஈரத்தில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலை அந்த விளிம்புக்கு மேல் தூக்கி, வழுக்குகிற வளைந்த தரையில் வைக்க வேண்டும். வெளியே வரும்போது சோப்பு நீரோடு அதையே திரும்பச் செய்ய வேண்டும். பாதி டப்புக்கு உள்ளும் பாதி வெளியும் நிற்கிற நீள பெஞ்சு ஒன்று மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். வெளியே உட்கார்ந்து, நகர்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுக்கலாம். நல்ல பொருள்தான். ஆனால் நம் பெற்றோருக்கு அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அவர்கள் வாழ்நாள் முழுக்க வாளியும் கப்பும் வைத்துக் குளித்தவர்கள். டப்பை விட்டுவிடுங்கள். வெளித் தரையில் ஒரு நாற்காலி போட்டு அங்கேயே குளிக்கட்டும்.

அதற்குத் தரை ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டப்புக்கு வெளியே தரையில் ஒரு சின்ன வடிகால் இருக்கும். ஒரு வாளி தண்ணீரை நாற்காலி போடப்போகும் இடத்தில் மெதுவாக ஊற்றிவிட்டு, அங்கேயே நின்று பாருங்கள். தண்ணீர் வடிகாலை நோக்கிப் போகிறதா, கதவை நோக்கிப் போகிறதா? சில நிமிடங்களில் வடிந்துவிடுகிறதா, குட்டையாக நிற்கிறதா? நான் சொன்ன அந்த வீட்டில் தண்ணீர் வடிகாலருகே வந்து அப்படியே நின்றது. மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் குவளை முழுக்க முடியும் சோப்பு அழுக்கும். கழுவி வைத்ததும் சரியாகிவிட்டது. அப்படியும் தண்ணீர் கதவுப் பக்கம் ஓடினால் தரையின் சாய்வு அப்படி அமைந்திருக்கிறது, அதை நீங்கள் மாற்ற முடியாது. அந்த வீட்டுக்கு மட்டும் பெஞ்சு வாங்குங்கள்.

நாற்காலிக்கு நான்கு காலிலும் ரப்பர் குப்பி வேண்டும், கைப்பிடி வேண்டும். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம். எழும்போது அதன் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கும். வாளியை நிரப்பித் தூக்க விடாதீர்கள். 20 லிட்டர் வாளியில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. கை ஷவரின் குழாயை நீட்டி, வாளி இருக்கும் இடத்திலேயே நிரப்புகிற மாதிரி செய்துகொடுங்கள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையை அவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தண்ணீர் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கோடையில் வருகிறவர்களுக்கு இங்கே இன்னொரு ஆபத்து. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே சூடான தண்ணீர் வரும். அந்த மாதங்களில் ஹீட்டரை அணைத்து வைத்தால், ஏசி வீட்டுக்குள் இருக்கிற அந்த ஹீட்டர் தொட்டியிலிருந்து வெந்நீர்ப் பக்கம் திறந்து கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் எடுக்கலாம். இங்கே பழகியவர்களுக்கு இது தெரியும், புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது.

இப்போது கைப்பிடிக் கம்பி. உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கப் வைத்த கம்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன, துளை போட வேண்டாம், ஓனரைக் கேட்க வேண்டாம். ஆனால் டைல் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து, எந்த அறிவிப்பும் இல்லாமல் கழன்றுவிடும். ஒருவர் முழு எடையையும் நம்பிக் கொடுக்கிற நொடியில் கழன்றால், கம்பி இல்லாததைவிட மோசம். சுவரில் திருகிப் பொருத்தியதுதான் கம்பி. இங்கே சுவர்கள் பல இடங்களில் உள்ளே பொள்ளலான கட்டைகளால் கட்டியவை. விரலால் தட்டிப் பார்த்தால் ஓசையிலேயே தெரியும். அப்படிப்பட்ட சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதற்கென்று உள்ளே விரிகிற ஆங்கர் வேண்டும். மெயின்டனன்ஸ் ஆளிடம் இதைக் கேட்டுப் பேசுங்கள். குழாய்க்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போட விடாதீர்கள், தண்ணீர் பைப் அந்த வழியில்தான் போகும்.

ஓனரின் பதில் வந்த பிறகு எங்கே பொருத்துவது? கழிப்பறை இருக்கைக்குப் பக்கச் சுவரில் ஒன்று, குளிக்கும் நாற்காலிக்கு அருகில் ஒன்று. தரையிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டர் உயரம் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். மாட்டி முடித்த பிறகு நீங்களே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உங்கள் முழு எடையையும் அதில் தொங்கவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை அப்பா செய்யக் கூடாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கடைசியாகக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருவர் விழுந்தால் எப்படித் திறப்பீர்கள்? வெளிப்பக்கத்தில் நாணயம் வைத்துத் திருப்புகிற பூட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் மாற்றுங்கள், சின்னச் செலவுதான்.

நான்காவது வாரம் படுக்கை. இங்கே அளவு நாடா வேண்டும், அதுவும் தென்காசியில் வேண்டும். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை எவ்வளவு என்று அம்மா அளந்து சொல்லட்டும். நம் அப்பாவுக்கு 43 சென்டிமீட்டர் வந்தது. உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு படுக்கையின் உயரம் அந்த அளவுக்குச் சமமாகவோ, நாலைந்து சென்டிமீட்டர் கூடுதலாகவோ இருக்க வேண்டும். அந்த இளைஞரிடம் இருந்தது தாழ்வான மரக்கட்டில். மெத்தையோடு சேர்த்துப் பார்க்க 40 இருந்தது, உட்கார்ந்தால் 33 ஆகிவிட்டது. முழங்கால் தேய்ந்தவரால் அதிலிருந்து கையூன்றாமல் எழவே முடியாது. கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கிற கெட்டியான உயர்த்திகள் வாங்கி, மெத்தையையும் கெட்டியானதாக மாற்றினார். கழிப்பறை இருக்கைக்கும் இதே அளவுதான் கணக்கு. தாழ்வாக இருந்தால் மேலே பொருத்துகிற உயர இருக்கை கிடைக்கிறது.

அம்மா "எனக்குப் பாய் போதும்" என்பார். தரையிலிருந்து சிரமமில்லாமல் எழ முடிகிறவர் என்றால் அது அவர் விருப்பம். ஆனால் ஏசி அறையில் டைல் தரை இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும், பாய்க்கு அடியில் ஒரு கனமான விரிப்பாவது வேண்டும்.

அப்படியானால் மகன் எங்கே படுப்பது? ஸ்டூடியோவில் உண்மையான சிக்கல் இதுதான். சுவரோரமாக ஒரு மடக்கு மெத்தை என்று முடிவெடுக்குமுன், தரையில் ஒட்டும் நாடாவால் ஒரு பாதையைக் குறியுங்கள். அப்பாவின் தலையணையிலிருந்து பாத்ரூம் கதவுவரை, 75 சென்டிமீட்டர் அகலத்தில். அந்தப் பாதைக்குள் மெத்தையின் மூலையோ, சார்ஜர் வயரோ, தரை விரிப்போ, செருப்போ வரக் கூடாது. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் மகனுக்குப் படுக்கை. அந்த வீட்டில் இதற்காக ஒரு சோபாவை விற்க வேண்டியிருந்தது. அவருக்குப் பிடித்தமான சோபா, ஆனால் விற்றது சரியான முடிவு.

நடுவில் ஒரு மறைப்பு வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். அனுமதி இல்லாமல் தடுப்புச் சுவர் எழுப்புவது இங்கே சட்டவிரோதம், அதை யோசிக்கவே வேண்டாம். துணித் திரை போதும். அது மேற்கூரையிலுள்ள புகை உணர்கருவியையும் ஏசிக் காற்றையும் மறைக்காமல் இருக்கட்டும், தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும். இரவில் கால் சிக்குவது தரையைத் தொடும் துணியில்தான்.

மூன்றாவது வாரம், நேரம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒரே அறை வீட்டில் மனத்தாங்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். ஊரில் காலை 5 மணிக்கு எழுந்து பழகிய அம்மாவின் உடம்பு இங்கே அதிகாலை 3.30 மணிக்கு விழித்துக்கொள்ளும். இரவு 9 மணிக்குத் தூங்குகிறவர்களுக்கு இங்கே 7.30 மணிக்கே கண் சொக்கும். மகனோ வேலை முடிந்து வீடு வருவதே 8 மணிக்கு, தூங்குவது 12 மணிக்கு. மூன்றரை மணிக்கு அம்மா அடுப்பைப் பற்றவைத்துக் காபி போடுவார், பாத்திரம் ஓசைப்படும், விளக்கு எரியும், அதே அறையில் மகன் தூங்கிக்கொண்டிருப்பான். ஒரு வாரத்தில் இருவருமே களைத்துப்போவார்கள். அவன் எழுந்துவிடுவானே என்று அம்மா இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அதுவும் கொடுமைதான்.

இதற்கு வழி, அதிகாலைக்கென்று ஒரு மூலையை ஒதுக்குவது. பால்கனியை ஒட்டிய இடத்தில் இரண்டு நாற்காலி, மங்கலான ஒரு மேசை விளக்கு, ஓசையில்லாத மின்கெட்டில், பிளாஸ்கில் முந்தின இரவே எடுத்துவைத்த டிகாக்‌ஷன், அப்பாவுக்கு இயர்போன். மகனின் படுக்கை அந்த மூலைக்கு எதிர்ப்புறம், திரைக்கு அப்பால். மாலையில் அவர்களை 8.30 மணிவரையாவது வெளிச்சத்தில் விழித்திருக்கச் செய்தால், கீழே நடக்கக் கூட்டிப்போனால், சில நாட்களில் விழிக்கும் நேரமும் கொஞ்சம் பின்னுக்குப் போகும். ஆனால் முழுக்க மாறும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இதே வாரத்தில் ஏசியையும் பார்த்துவிடுங்கள். பில்டரைக் கழுவுங்கள், தண்ணீர் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். முக்கியமாக, கட்டிலில் நீங்களே அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். காற்று நேராக முழங்காலில் அடித்தால் காற்றின் திசையையோ கட்டிலின் இடத்தையோ மாற்றுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை, ஆள் அசைந்தால் தானே எரிகிற சின்ன விளக்குகள் இரண்டு ஒட்டுங்கள். பேட்டரியில் ஓடுவது போதும்.

இரண்டாவது வாரம் சமையலும் வெளியும். இங்குள்ள பிளக் பாயின்ட் பட்டையான மூன்று கால் உள்ளது. ஊர் சார்ஜர்களுக்கும் அம்மா கொண்டுவரும் மிக்சிக்கும் அடாப்டர் வாங்கிவையுங்கள், மிக்சிக்கு மட்டும் அதன் வாட் தாங்குகிற கெட்டியான ஒன்று. தினமும் எடுக்கிற பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடையிலான தட்டுகளில் இருக்கட்டும். மசாலாத் தட்டு ஒன்றையும் பிரிட்ஜில் ஒரு தட்டையும் காலியாக விடுங்கள். அம்மா வந்து அவர் கையால் அடுக்குவார்.

நீங்கள் ஆபீஸ் போன பிறகு அவர்கள் தனியாக இருப்பார்கள். கதவின் உட்பக்கத்தில் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999, உங்கள் எண், அதே மாடியில் நம்பிக்கையான ஒருவரின் எண், கட்டடத்தின் பெயர், பிளாட் எண், கட்டடத்தின் 10 இலக்க மகானி எண். நம் ஊரில் "பிள்ளையார் கோயில் பக்கத்தில்" என்றால் வண்டி வந்துவிடும், இங்கே மகானி எண் சொன்னால் வரும். விசாவோடு வருகிற மருத்துவக் காப்பீட்டையும் இந்த வாரமே படியுங்கள். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்குப் பல பாலிசிகளில் பணம் கிடைக்காது. அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், தேவைப்படும்போது எந்த மருத்துவமனைக்குப் போவது, கையில் எவ்வளவு பணம் வைத்திருப்பது என்று முன்பே முடிவு செய்யலாம்.

கடைசி வாரத்தில் கழுவுங்கள், துடையுங்கள், விரிப்பு மாற்றுங்கள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்கே தெரியும். பாத்ரூம் தரையில் மட்டும் பளபளப்பு தரும் திரவம் எதுவும் போட வேண்டாம்.

அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு இரவு, அப்பா படுக்கப்போகும் இடத்தில் நீங்கள் படுங்கள். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கண்ணாடி போடாமல், பெரிய விளக்கு எதையும் போடாமல், பாத்ரூம்வரை போய்த் திரும்புங்கள். அந்த இளைஞர் அப்படிச் செய்தபோது, பாதியில் சுவரைத் தேடிய கை ஸ்டாண்டு மின்விசிறியைப் பிடித்தது, அது சரிந்தது. அப்பா பிடித்திருக்க வேண்டிய இடம் அது. மறுநாள் காலை மின்விசிறி பால்கனிக்குப் போனது, அந்த இடத்தில் சுவரோரமாக ஒரு கனமான மேசை வந்தது.

அவர்கள் வந்த மறுநாளுக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்றிக் காட்ட அல்ல. குழாயின் எந்தப் பக்கம் வெந்நீர், பூட்டை எப்படித் திறப்பது, லிப்டில் எந்தப் பொத்தான், பால்கனிக் கதவு எப்படி நகரும் என்பதை நீங்கள் செய்துகாட்டாமல் அவர்களையே ஒவ்வொன்றாகச் செய்யவைத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். அப்பா முதல் முறை குளிக்கும்போது கதவுக்கு வெளியே இருங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று கேட்டுவைத்துக்கொண்டு, அன்று மாலையே அதைச் சரிசெய்துவிடுங்கள்.